பிடரி, கிருதா, காதுக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை இரவு விடுதியிலிருந்து வந்த அக்கா மகன் வீட்டுக்குள் நுழைந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது அக்காதான் தொப்பியை எடுத்தாள். எடுத்தவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. திங்கட்கிழமை காலை அவனுக்கு வேலைக்கான நேர்காணல். அறைத் தோழன் ஒருவன் டிரிம்மரை வைத்துக்கொண்டு முடி வெட்டிவிட்டிருந்தான்.

முன்னால் இருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் திரும்பினால்தான் தெரிந்தது. வலது காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அடியிலிருந்து காதின் உச்சி வரை, மற்ற முடியைவிட மிகக் குட்டையாக ஓடியிருந்தது. அந்தப் பட்டையின் அடியில் ஓரிடத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குத் தோலே வெளுப்பாகத் தெரிந்தது. இடது காதுக்குப் பின்னால் அதற்கு நேர்மாறு: எலும்பு மேட்டின் மேல் வழித்தது போலவும், பள்ளத்தில் கறுப்பாகத் திட்டாகவும். கிருதா ஒன்று காதின் நடுவில் நின்றது, மற்றது அதற்கும் மேலே சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. பிடரியில் போட்ட கோடு இடமிருந்து வலமாக ஏறிப் போயிருந்தது.

"மொட்டை போட்டுடலாமா மாமா?" என்று கேட்டான். அந்த வயதில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு அதுதான். ஆனால் உச்சியிலும் முன்னாலும் முடி நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தது ஓரங்கள் மட்டும். முடிவெட்டு சரியாக இருக்கிறதா இல்லையா என்பதை நம் கண் உச்சியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முடி முடிந்து தோல் தொடங்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஓரம் சுத்தமாக இருந்தால் நடுவில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகள் கண்ணில் படாது. ஓரம் கோணலாக இருந்தால் மிக நேர்த்தியான வெட்டும் கோணலாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை எங்கள் தெருமுனைக் கடைக்கு அவனைக் கூட்டிப் போனேன். முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவர் அங்கே இருக்கிறார். நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தியவர், உடனே மெஷினை எடுக்கவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த நம்பர் போட்டாங்க தம்பி?"

"மூணு நம்பர்ணே. வீடியோல மூணுன்னுதான் சொன்னாங்க."

"டிரிம்மர்ல மூணா, மெஷின்ல மூணா?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. தப்பு நடந்த இடம் அதுதான். சலூன் மெஷினில் மாட்டும் சீப்புகளுக்கு உள்ள நம்பர் அங்குலக் கணக்கில் வந்தது. ஒன்றாம் நம்பர் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஒவ்வொரு நம்பர் கூடும்போதும் இன்னொரு எட்டில் ஒரு பங்கு கூடும். இரண்டாம் நம்பர் 6 மில்லிமீட்டர், மூன்றாம் நம்பர் கிட்டத்தட்ட 10, நான்காம் நம்பர் 13. ஆனால் வீட்டில் தாடி வழிக்க வாங்கும் டிரிம்மர்கள் பலவற்றில் திருகி வைக்கும் எண் நேராக மில்லிமீட்டரையே குறிக்கும். அதில் 3 என்று வைத்தால் 3 மில்லிமீட்டர்தான், அதாவது சலூன் கணக்கில் ஒன்றாம் நம்பர். பத்து மில்லிமீட்டர் நிற்கும் என்று நினைத்து ஓட்டிய இடத்தில் மூன்றுதான் நின்றது. ஒரு இழுப்பு இழுத்ததும் தோழன் பதறி நிறுத்திவிட்டான். அந்த ஒரு இழுப்புதான் வலது காதுக்குப் பின்னால் இருந்த பட்டை. பிறகு சீப்பை மாற்றி மற்ற இடத்தைப் பத்தாக வெட்டி, ஓரத்தில் மட்டும் தோல் தெரிய வைக்கலாம் என்று சீப்பே இல்லாமல் ஓட்டியதில் மீதி எல்லாம் நடந்தது.

கடைக்காரர் முடியை நனைக்காமல் உலர்ந்தபடியே சீவினார். ஈரமான முடி தோலோடு ஒட்டிப் படிந்துவிடும். அப்போது எல்லாம் சமமாகத்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் காய்ந்த பிறகு பிசிறு தலைதூக்கும். அதனால் சரிபார்ப்பதெல்லாம் உலர்ந்த முடியில்தான். அடுத்து நாற்காலியைத் திருப்பி, பையனின் காதுக்குப் பின்புறம் ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்தார். எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. கடையில் விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கும். அந்த வெளிச்சத்தில் காதின் நிழல் பின்னால் உள்ள பள்ளத்தில் விழுந்து கறுப்பாகத் தெரியும். அதை முடித் திட்டு என்று நினைத்து மறுபடி மறுபடி மெஷினை வைத்தால், இல்லாத முடியை வெட்டப் போய்ப் பக்கத்தில் இருக்கும் முடி போய்விடும். வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். திட்டு இருந்தால் சொரசொரக்கும். நிழல் என்றால் மழமழவென்று இருக்கும்.

விரலால் தடவுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று அது காட்டிவிடும். தடவும்போது வழுக்கிக்கொண்டு போனால் அது முடி சாயும் திசை. தடுத்தால் எதிர்த் திசை. மெஷின் எதிர்த் திசையில் போனால்தான் முடி நிமிர்ந்து சமமாக வெட்டுப்படும். காதுக்குப் பின்னால் முடி பெரும்பாலும் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் சாய்ந்து வளரும். பிடரியில் அப்படி ஒரே திசை இருக்காது. சிலருக்கு நடுவை நோக்கி இரு பக்கமிருந்தும் வரும், சிலருக்கு ஒரு பக்கம் சுழி போட்டு மேல்நோக்கியே வளரும். இவனுக்கு இடது பிடரியில் அப்படி ஒரு சுழி இருந்தது. கீழிருந்து மேலாகவே ஓட்டிய தோழனின் டிரிம்மர் அந்தச் சுழியின் மேல் வழுக்கிப் போய்விட்டது. அங்கே முடி வெட்டுப்படாமல் நின்றதற்குக் காரணம் அதுதான்.

பார்த்து முடித்த பிறகு அவர் சொன்னது எனக்கு மனதில் நின்றது. "வெட்டின முடிய ஒட்ட வைக்க முடியாது. அதனால எது ரொம்பக் குட்டையோ, அதுதான் நமக்குக் கணக்கு."

இதுதான் இந்த வேலையின் அடிப்படை. கோணலைத் திருத்துவது என்றால் எப்போதும் குறைப்பதுதான், கூட்டுவது கிடையாது. நீளமான பக்கத்தைக் குட்டையான பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதை மெஷினைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் தொடங்கினால் இடது கொஞ்சம், வலது கொஞ்சம், மறுபடி இடது கொஞ்சம் என்று போய், கடைசியில் இரண்டு பக்கமும் காதுக்கு மேலே ஏறி நிற்கும்.

அவர் போட்ட திட்டம் எளிமையானது. வலது பக்கத்துப் பட்டையை மறைக்க முயலக்கூடாது. அந்த 3 மில்லிமீட்டரையே ஒரு படியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே தோல் தெரியும் பகுதி, அதற்கு மேலே 10 மில்லிமீட்டர் முடி. நடுவில் விழுந்த தவறான பட்டை, தோலிலிருந்து முடிக்கு ஏறும் வழியில் ஒரு நடுநிலை ஆகிவிடும். இப்போது பையன்கள் ஃபேட் என்று கேட்பது இந்த ஏற்றத்தைத்தான். அடியில் தோல், மேலே போகப் போக முடி. எங்கே மாறியது என்று கோடு தெரியக்கூடாது. தோழன் செய்ய நினைத்ததும் இதைத்தான். அதை முறையாகத் திரும்பக் கட்ட வேண்டும்.

காதுக்குப் பின்னால் தோலைக் கொண்டுவருவது ஏன் கடினம் என்று தெரிந்துகொள்ள உங்கள் விரலை அங்கே வைத்துப் பாருங்கள். காது மடலுக்கும் தலைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் உருண்டையாக ஓர் எலும்பு மேடு. மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் கழுத்தின் பள்ளம். இவ்வளவும் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் நடக்கிறது. மெஷினின் பிளேடோ நேர்கோட்டில், ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. அதை முழுதாக வைத்து ஓட்டினால் மேட்டின் மேல் அழுந்தி வழித்துவிடும். பள்ளத்தின் மேல் பாலம் போல நின்றுவிடும், முடியைத் தொடவே தொடாது. மேட்டில் வெள்ளை, பள்ளத்தில் கறுப்பு. இவனுடைய இடது காதுக்குப் பின்னால் நான் பார்த்தது இதைத்தான். பள்ளத்தில் முடி போகவில்லையே என்று இன்னும் அழுத்தினால் பள்ளத்துக்கு ஒன்றும் ஆகாது, மேட்டில்தான் இன்னும் கொஞ்சம் போகும்.

அவர் இடது கை விரலால் காது மடலை முன்னால் மடித்துப் பிடித்தார். அதே கையின் கட்டை விரலால் தோலைப் பின்பக்கமாக இழுத்தார். இழுத்ததும் பள்ளம் கொஞ்சம் நிரவலாகியது. பிறகு டிரிம்மரின் முழு வாயை வைக்காமல் ஓரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பற்களை மட்டும் வைத்து, கீழிருந்து மேலாகச் சின்னச் சின்னதாகத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் மேலே போனதும் கையை வெளிப்பக்கமாக விலக்கிவிட்டார், தோலைவிட்டு விமானம் எழும்புவது போல. நேராக இழுத்து நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். விலக்கிவிட்டால் அந்த இடம் தானே மங்கலாகும்.

முதல் பட்டை சீப்பு இல்லாமல், தோல் தெரியும் அளவுக்கு. அது காதின் பின்புற வளைவை ஒட்டித் தொடங்கி, எலும்பு மேட்டைச் சுற்றி இறங்கி, பிடரியின் மூலை வரை போனது. இடது பக்கம் ஒரு விரல் அகலத்தில் வைத்தார். வலது பக்கம் அந்த நகம் அளவு வெளுப்பு ஒன்றரை விரல் உயரத்தில் இருந்ததால், பட்டையை அதன் உச்சி வரை உயர்த்தினால்தான் அது தனித்துத் தெரியாமல் பட்டைக்குள் அடங்கும். அங்கே ஒன்றரை விரல்.

"ரெண்டு பக்கமும் வேற வேற உயரமா இருக்கே?" என்று கேட்டேன்.

"ரெண்டு காதுக்குப் பின்னாலயும் ஒரே நேரத்துல யாரும் பாக்க முடியாதுண்ணே. முதுகுப் பக்கம் நின்னு பாத்தா தெரியிறது கீழ் மூலை ரெண்டும்தான். அது ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும்."

எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. இடது பக்கத்தையும் ஒன்றரை விரலுக்கு ஏற்றியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் பாழாகாத பக்கத்தில் நல்ல முடியை இழக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சமம், தெரியாத இடத்தில் சேமிப்பு. காதின் கீழ் நுனிக்கு நேராக உள்ள இரண்டு மூலைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று மூன்று தடவை பார்த்தார்.

இரண்டாவது பட்டைக்கு மெஷினில் அரை நம்பர் சீப்பு, ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். தோல் முடியும் இடத்துக்கு மேலே இடதில் ஒரு விரல், வலதில் அரை விரல். அதற்கு மேலே ஒன்றாம் நம்பர். வலது பக்கம் அது ஏற்கெனவே இருந்தது, தோழன் இழுத்துவிட்டது. அதே உயரத்துக்கு இடது பக்கத்திலும் கொண்டுவந்து, பட்டையாக நின்றதைக் காதைச் சுற்றி ஒரு வளைவாக அகலப்படுத்தினார். இப்போது ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது, மாடிப்படி மாதிரி.

அந்தக் கோடுகளை எடுப்பதில்தான் நேரம் போனது. மெஷினின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை மூடினால் பிளேடு இன்னும் ஒட்ட வெட்டும், திறந்தால் கொஞ்சம் விட்டு வெட்டும்; இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். கோடு என்பது அதற்கு மேலே உள்ள முடியின் அடிப்பகுதி தடிமனாக நிற்பதுதான். எனவே கோட்டுக்கு மேலே உள்ள சீப்பையே மாட்டி, நெம்புகோலைப் பாதி மூடி, கோட்டின் மேல் மட்டும் ஓரப் பற்களால் தொட்டு எடுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே போய் மறுபடி வழிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் கோடு அழியாது, ஒரு விரல் மேலே ஏறி உட்காரும். ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் தோல் பகுதி உயர்ந்துகொண்டே போனால் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், தப்பான பக்கத்திலிருந்து வேலை நடக்கிறது என்று.

மூன்றுக்கும் பத்துக்கும் நடுவே இருந்த பெரிய தாவலுக்கு மெஷின் சரிப்படவில்லை. இரண்டாம் நம்பரை ஒரு முறை லேசாகக் காட்டிவிட்டு, சீப்பையும் கத்தரியையும் எடுத்தார். சீப்பைத் தலையிலிருந்து வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்து, அதற்கு மேலே நீட்டும் நுனிகளை மட்டும் கத்தரித்தார். சாய்வு கூடினால் முடி கூடுதலாக நிற்கும். ஐந்தாறு முறை சீப்பு ஏறி இறங்கியதும் பட்டை இருந்த சுவடே தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வெளியே வந்த தோல் வெயில் படாதது. கழுத்தின் நிறத்தைவிட அது வெளுப்பாக இருக்கும். நம் நிறத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அன்று மாலை அக்கா, "இன்னும் கோடு தெரியுதேடா" என்றாள். அது முடியின் கோடு அல்ல, தோலின் கோடு. முடி துளிர்க்கத் துளிர்க்க இரண்டு நாளில் மங்கிவிடும். அதை மெஷினால் சரிசெய்ய முடியாது. சரிசெய்யப் போகவும் கூடாது.

கிருதாவுக்கு வருவோம். இரண்டு கிருதாவையும் காதை வைத்து அளப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. காதின் நடு மேட்டுக்கு நேராக என்று இருபக்கமும் வெட்டினால் சமமாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் நிறையப் பேருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கவனித்திருப்பார்கள், ஒரு பக்கம் எப்போதும் சாய்ந்து நிற்கும். காதை நம்பி வெட்டிய கிருதாவும் அதே மாதிரிச் சாயும். எனவே அளவு முகத்திலிருந்து வர வேண்டும். அவர் பையனை நிமிர்ந்து கண்ணாடியை நேராகப் பார்க்கச் சொன்னார். பின்னால் நின்று இரண்டு ஆட்காட்டி விரல்களையும் இரண்டு கிருதாவின் அடியில் ஒரே நேரத்தில் வைத்தார். காதைப் பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் கண்களின் கோட்டையும் விரல்களையும் மட்டும் பார்த்தார். விரல் இரண்டும் கண்களின் கோட்டுக்கு இணையாக வந்தால் அது சமம்.

இங்கேயும் குட்டையானதே கணக்கு. சாய்வாகப் போயிருந்த வலது கிருதாவின் மிக உயர்ந்த புள்ளியை அடியாக வைத்து நேர் வெட்டினார். இடதை அதற்குச் சமமாக்கினார். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறைதான் தொடுவது என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. அதற்கு மேல் இன்னும் கோணல் தெரிந்தால் பெரும்பாலும் அது நீளத்தால் வந்தது அல்ல, அடர்த்தியால் வந்தது. ஒரு பக்கம் முடி தடிமனாக இருந்தால் அதே நீளத்திலும் அது இறங்கியது போலத் தோன்றும். அப்போது அடியை விட்டுவிட்டு, மேலிருந்து சீப்போடு ஒரு முறை ஓட்டிச் சன்னமாக்கினால் போதும். கிருதாவின் முன்பக்கம், கன்னத்தை நோக்கிய ஓரத்தில் அவர் கையே வைக்கவில்லை. வெளியே நின்ற நாலைந்து பூனை முடியை மட்டும் எடுத்தார். அந்த ஓரத்தை உள்ளே தள்ளிக் கோடு போட்டால் இரண்டு நாள் அழகாக இருக்கும். மூன்றாம் நாள் கோட்டுக்கு வெளியே புள்ளி புள்ளியாக முளைத்து அழுக்குப் போலத் தெரியும். இவனுக்குத் திங்கட்கிழமை நேர்காணல், அதாவது சரியாக அந்த நேரம்.

கடைசியாகப் பிடரி. ஏறிப்போன கோட்டைப் பார்த்து நான் நினைத்தது, இடது பக்கத்தையும் அந்த உயரத்துக்கு ஏற்றிவிடலாம் என்பதுதான். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முடி இயல்பாக முடியும் இடத்துக்கு மேலே கோடு போட்டால், அடியில் வேர் இருக்கிறதே, அது வளரும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. நான்கு ஐந்து நாளில் கோட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் முளைத்து நிற்கும். சட்டைக் காலர் உரசும் இடத்தில் அது நன்றாகவே தெரியும். அதனால் அவர் கோட்டையே எடுத்துவிட்டார். பிடரியின் அடியில் அரை நம்பர், அதற்கு மேலே ஒன்று, அதற்கு மேலே ஒன்றரை என்று காதுக்குப் பின்னால் கட்டிய ஏற்றத்தையே இங்கும் தொடர்ந்து, முடி தானே தேய்ந்து தோலில் கரைவது போலச் செய்தார். கோடு இல்லாத இடத்தில் கோணல் எப்படித் தெரியும்? சுழி இருந்த இடதுபக்கத்தில் மட்டும் மெஷினைப் பக்கவாட்டில், வெளியிலிருந்து நடுவை நோக்கி ஓட்டினார். அங்கே நின்றிருந்த முடி ஒரே இழுப்பில் போனது.

இயல்பான எல்லைக்குக் கீழே, கழுத்தில் அங்கங்கே நீண்டிருந்த முடியை எடுக்கும்போது பையனை நிமிரச் சொன்னார். வழக்கமாகக் கடையில் தலையைக் குனிய வைத்துப் பிடரியை வழிப்பார்கள். பெரிய வேலைக்கு அது வசதி. ஆனால் குனியும்போது கழுத்துத் தோல் இழுபட்டு நீளும். அந்த நிலையில் போடும் கடைசி ஓரம், நிமிர்ந்ததும் இடம் மாறும். தோல் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுபடாவிட்டால் சாய்ந்தும் போகும். தோழன் போட்ட கோடு ஏறிப் போனதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும், கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தானாம். ஓரம் சரிபார்ப்பது எப்போதும் நிமிர்ந்த தலையில், தோளைத் தளர்த்தி வைத்துத்தான்.

கத்தியை எடுத்தபோது பழைய பாதி பிளேடைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புது உறையைப் பையன் பார்க்கும்படி கிழித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகச் செய்தார். காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பிலும் கழுத்தின் சுருக்கத்திலும் சின்னக் கீறல் விழுவது சகஜம். ரத்தம் பட்ட பிளேடு வழியாக மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்ஐவியும் பரவ வாய்ப்பு உண்டு. புது பிளேடு கேட்பதில் தயக்கமே வேண்டாம். கீறலில் வைக்கும் படிகாரக் கட்டியும் அப்படித்தான். ஒரே கட்டியை எல்லோர் கழுத்திலும் தேய்ப்பது நல்ல பழக்கம் இல்லை. அதைத் தண்ணீரில் கரைத்துத் தனித்தனிப் பஞ்சில் தொட்டு வைப்பதே முறை, அல்லது சும்மா சுத்தமான பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே சிறு கீறலில் ரத்தம் நின்றுவிடும்.

பிடரியில் சிலருக்குக் கடுகு போலச் சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக இருக்கும். வழித்த முடி திரும்ப முளைக்கும்போது தோலுக்குள்ளேயே வளைந்து குத்துவதால் வருவது ஒரு வகை. முடிக்கால்கள் வீங்கி நாளடைவில் தழும்பாகக் கெட்டிப்படுவது இன்னொரு வகை. சுருட்டை முடிக்காரர்களுக்கு இரண்டும் அதிகம். அங்கே கத்தி வைப்பதும், மெஷினைத் தோலோடு ஒட்டி ஓட்டுவதும் அதைப் பெரிதாக்கும். அவர்களுக்குப் பிடரியில் ஒன்றாம் நம்பருக்குக் கீழே போகாமல் விடுவதே நல்லது. கட்டி கெட்டியாகிக்கொண்டே போனால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நல்ல கைக்காரர்கள் இதைப் பார்த்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள்.

மொத்தம் முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் இரண்டு காதுகளுக்குப் பின்னால் போனது. பையன் கைக்கண்ணாடியில் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் டிரிம்மர் வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை இயல்பான எல்லைக்குக் கீழே கழுத்தில் வளரும் முடியைத் தாராளமாக எடுக்கலாம். அதை இன்னொருவர் எடுத்துவிட வேண்டும். இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு நாமே செய்தால் கை எந்தப் பக்கம் போகிறது என்று குழம்பும். கிருதாவில் கண்ணாடி பார்த்து ஓரிரு முடி எடுக்கலாம். காதுக்குப் பின்னால் உள்ள தோலை மட்டும் வீட்டில் தொட வேண்டாம், கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது கண்ணாடியைக் கழற்றி வையுங்கள், தலையை நிமிர்த்துங்கள். நம்பரைச் சொல்வதோடு நிறுத்தாமல் எத்தனை மில்லிமீட்டர் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.